நாற்பது மில்லிமீட்டர்

1990களில் பிரிட்டனின் மிகப் பெரிய உப்பு உற்பத்தியாளராக இருந்த சால்ட் யூனியன் நிறுவனம், தன் ஆலையில் ஓடிய ஒரு பம்ப்பைக் கழற்றி, உள்ளே சுழலும் இம்பெல்லரை லேத்தில் ஏற்றிக் கடைந்தது. 320 மில்லிமீட்டர் விட்டம் 280 ஆனது. அந்த வேலைக்கு ஆன செலவு 260 பவுண்டு. மறுபடி மாட்டி ஓட்டியபோது பம்ப் இழுத்த மின்சாரம் 30 சதவீதம் குறைந்திருந்தது. ஆண்டுக்கு 1,97,000 யூனிட், அன்றைய விலையில் சுமார் 8,900 பவுண்டு மிச்சம். போட்ட பணம் பதினோரு நாளில் திரும்பிவிட்டது. பிறகு அங்கிருந்த 110 கிலோவாட் மோட்டாரை எடுத்துவிட்டு 75 கிலோவாட் மோட்டார் வைக்கவும் முடிந்தது.

இந்த மிச்சத்துக்காகப் புதிய இயந்திரமோ மின்னணுக் கருவியோ எதையும் சேர்க்கவில்லை. இருந்த உலோகத்தில் கொஞ்சத்தை எடுத்தார்கள், அவ்வளவுதான். நாற்பது மில்லிமீட்டர் என்பது விட்டத்தில். ஒவ்வொரு பக்கத்திலும் கழிந்தது இருபது மில்லிமீட்டர். இவ்வளவு சிறிய வெட்டு இவ்வளவு பெரிய மின்சாரத்தை எப்படிக் குறைத்தது, அதுவரை அந்த மின்சாரம் எங்கே போய்க்கொண்டிருந்தது என்பதைப் பார்ப்போம்.

தேவைக்கு மேற்பட்ட பம்ப் ஒரு ஆலைக்குள் எப்படி வந்து சேர்கிறது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். யாரும் வேண்டுமென்று வாங்குவதில்லை. எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று கணக்கிடுபவர், நாளைக்கு உற்பத்தி கூடினால் என்ன செய்வது என்று பத்து சதவீதம் கூட்டி எழுதுகிறார். குழாய் வடிவமைப்பவர், பத்து ஆண்டுக்குப் பிறகு உட்புறம் துருவும் உப்பும் படிந்து உராய்வு கூடுமே என்று தன் பங்குக்கு ஹெட்டைக் கூட்டுகிறார். கடைசியில் கொள்முதல் செய்பவர் பட்டியலைப் பார்க்கிறார். கேட்ட அளவு இரண்டு மாடல்களுக்கு நடுவில் விழுகிறது, பெரியதைத் தேர்ந்தெடுக்கிறார். ஒவ்வொருவரும் செய்தது அவரவர் அளவில் நியாயம்தான். எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து, முதல் நாள் பட்டனை அழுத்தியதும் தேவைக்கு மேல் தண்ணீர் வருகிறது. ஆபரேட்டர் வெளியேற்றக் குழாயில் இருக்கும் வால்வைத் திருகிப் பாதி மூடுகிறார். ஓட்டம் சரியாகிவிடுகிறது. அந்த வால்வு அதன் பிறகு பல ஆண்டுகளுக்கு அதே நிலையில் நிற்கும்.

எண்களோடு பார்த்தால்தான் இது பிடிபடும். கணக்குக்காக ஒரு பம்ப்பை எடுத்துக்கொள்வோம். ஒரு ஆலையில் குளிர்நீரைச் சுற்ற வைக்கும் பம்ப் அது. இம்பெல்லர் 320 மி.மீ., நிமிடத்துக்கு 1480 சுற்று. வால்வு முழுக்க மூடியிருக்கும்போது அது தரும் ஹெட் 36 மீட்டர். ஹெட் என்பது, தண்ணீரை எவ்வளவு உயரத்துக்குத் தள்ள முடியும் என்ற அளவில் சொல்லப்படும் அழுத்தம். ஓட்டம் கூடக் கூட ஹெட் இறங்கும்: மணிக்கு 200 கன மீட்டர் ஓடும்போது 30 மீட்டர்தான் கிடைக்கும். ஆலைக்குத் தேவை அந்த 200 கன மீட்டரே. அந்த அளவு தண்ணீரைக் குழாய்கள் வழியே கொண்டுபோய்க் கூலிங் டவரின் உச்சியில் விட மொத்தம் 22 மீட்டர் போதும். அதில் 8 மீட்டர் டவரின் உயரம், மீதி 14 மீட்டர் குழாய் உராய்வு.

வால்வைத் திறந்துவிட்டால் பம்ப்பின் வளைகோடும் குழாயமைப்பின் வளைகோடும் 237 கன மீட்டரில் சந்திக்கின்றன. தண்டில் தேவைப்படும் திறன் 22.2 கிலோவாட். வால்வை மூடி ஓட்டத்தை 200க்கு இறக்கினால் பம்ப் 30 மீட்டர் ஹெட் தருகிறது. குழாய்க்கு 22 போதும். நடுவில் இருக்கும் 8 மீட்டரை வால்வு விழுங்குகிறது. தண்டில் திறன் 21.0 கிலோவாட்.

இந்த இரண்டு எண்களையும் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். வால்வை மூடினால் மின்சாரமே குறையாது என்று சிலர் சொல்வார்கள். அது சரியல்ல. இந்த வகை பம்ப்பில் ஓட்டம் குறைந்தால் திறனும் கொஞ்சம் குறையத்தான் செய்யும். ஆனால் ஓட்டம் பதினைந்து சதவீதம் குறைந்தபோது திறன் ஐந்து சதவீதம்தான் குறைந்திருக்கிறது. பம்ப் உருவாக்கிய அழுத்தத்தில் நான்கில் ஒரு பங்கு, வேலை செய்யப் போகும் இடத்தை எட்டுவதற்குள் செலவாகிவிட்டது.

செலவான அந்த ஆற்றல் எங்கே போனது? தண்ணீரில் வெப்பமாகக் கலந்தது. வால்வில் கரைவது 4.4 கிலோவாட். நல்ல வாட்டர் ஹீட்டர்கள் இரண்டு சேர்ந்து ஓடுவதற்குச் சமம். ஆனால் அதை வாங்கிக்கொண்டு ஓடும் தண்ணீர் நொடிக்கு 55 லிட்டருக்கு மேல். வெப்பநிலை ஏறுவது ஒரு டிகிரியில் ஐம்பதில் ஒரு பங்குகூட இல்லை. குழாயைத் தொட்டுப் பார்த்தால் தெரியாது, வெப்பமானியில் தெரியாது. ஆண்டுக்கணக்கில் யார் கண்ணிலும் படாமல் இந்த இழப்பு தொடர்வதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். கசியும் குழாயைப் பார்த்தால் உடனே ஆளைக் கூப்பிடுகிறோம், இதற்குக் கூப்பிடுவதில்லை.

ஆனால் கண்டுபிடிப்பது கடினமல்ல. வால்வுக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு பிரஷர் கேஜ் மாட்டினால் போதும். பத்து மீட்டர் ஹெட் என்பது ஏறத்தாழ ஒரு கிலோ அழுத்தம். நம் பம்ப்பில் இரண்டு கேஜுக்கும் இடையே 0.8 கிலோ வித்தியாசம் காட்டும். முழுக்கத் திறந்த நல்ல கேட் வால்வு என்றால் அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாத அளவு இருக்கும். கேஜ் இல்லாத இடத்திலும் வால்வே சொல்லும். அதன் பக்கத்தில் நின்றால் இடைவிடாத சீறல் ஒலி கேட்கும். கழற்றிப் பார்த்தால் கதவின் அடிவிளிம்பும் அது உட்காரும் இடமும் அரிபட்டிருக்கும்.

இனி லேத்துக்கு வருவோம். நம் இம்பெல்லரின் விளிம்பு 1480 சுற்றில் நொடிக்கு 24.8 மீட்டர் வேகத்தில் போகிறது, மணிக்கு 89 கிலோமீட்டர். இறக்கைகளுக்கு நடுவே நுழையும் தண்ணீர் விளிம்பை விட்டு வெளியேறும்போது சுழல் திசையில் அந்த வேகத்தில் பெரும்பகுதியைப் பெற்றிருக்கும். இறக்கை தண்ணீருக்குத் தரும் ஆற்றல் இரண்டைப் பொறுத்தது: தண்ணீர் பெறும் சுழல் வேகம், இறக்கை அதைத் தள்ளிக்கொண்டு நகரும் வேகம். இரண்டுமே விளிம்பின் வேகத்தோடு சேர்ந்து ஏறி இறங்குகின்றன. அதனால் ஹெட், விளிம்பு வேகத்தின் இருமடியாக மாறுகிறது. 18ஆம் நூற்றாண்டில் லியோன்ஹார்ட் ஆய்லர் எழுதிவைத்த சமன்பாட்டின் சாரம் இதுதான். மோட்டார் அதே சுற்றில் ஓடினாலும் விட்டம் குறைந்தால் விளிம்பு வேகம் குறைகிறது. விட்டம் பத்து சதவீதம் குறைந்தால் ஹெட் பத்தொன்பது சதவீதம் குறையும்.

ஓட்டமும் குறையும், ஆனால் விட்டத்தின் அளவிலேயே. தண்ணீர் வெளியேறும் வாய் விட்டத்தால் சற்றுச் சுருங்கினாலும், உள்ளே போகப் போக இம்பெல்லரின் இரு தட்டுகளுக்கு இடைப்பட்ட அகலம் கொஞ்சம் கூடுவதால் வெளியேறும் பரப்பு ஏறத்தாழ மாறாமல் நிற்கிறது. வேகம் மட்டும் குறைகிறது. ஓட்டம் விட்டத்தின் விகிதத்தில், ஹெட் அதன் இருமடியில், இரண்டையும் பெருக்கி வரும் திறன் மும்மடியில். சால்ட் யூனியனின் எண்களை இதில் வைத்துப் பாருங்கள். 280ஐ 320ஆல் வகுத்தால் 0.875. அதன் மும்மடி 0.67. விதி 33 சதவீதம் குறையும் என்கிறது. கிடைத்தது 30.

இந்த விதியைத் தன் பம்ப்பில் பொருத்தும்போது பலர் ஒரே இடத்தில் தவறுகிறார்கள். நமக்கு 200 கன மீட்டரில் 22 மீட்டர் வேண்டும், பம்ப் இப்போது 200இல் 30 மீட்டர் தருகிறது. ஹெட் இருமடியாக மாறுமென்றால் 22ஐ 30ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 0.856. விட்டம் 274 மி.மீ. என்று வருகிறது. அச்சான பொறியியல் குறிப்புகளில்கூட இந்தக் கணக்கைப் பார்க்கலாம். ஆனால் கடையும்போது ஹெட் மட்டும் இறங்குவதில்லை, ஓட்டமும் கூடவே இறங்குகிறது. பழைய வளைகோட்டில் இருக்கும் ஒவ்வொரு புள்ளியும் கீழே மட்டுமின்றி இடப்பக்கமாகவும் நகர்கிறது. ஆகவே 200இல் இருந்த புள்ளி, கடைந்த பிறகு 200இல் இருக்காது. 274க்குக் கடைந்தால் விதிப்படியே 192 கன மீட்டர்தான் வரும்.

சரியான கேள்வி இது: பழைய வளைகோட்டில் எந்தப் புள்ளி, சுருங்கிய பிறகு 200–22 என்ற இடத்தில் வந்து விழும்? சுருங்கும்போது ஒவ்வொரு புள்ளியும் பூச்சியத்தை நோக்கிய ஒரு பரவளையத்தின் மேல்தான் நகரும், ஏனென்றால் ஹெட் ஓட்டத்தின் இருமடியாகக் குறைகிறது. 200–22 வழியாகப் பூச்சியத்திலிருந்து அந்தப் பரவளையத்தை வரைந்து மேலே நீட்டினால் அது பழைய வளைகோட்டை 227 கன மீட்டர், 28.3 மீட்டர் என்ற இடத்தில் வெட்டுகிறது. நமக்கு வேண்டிய புள்ளி அதுதான். 200ஐ 226.8ஆல் வகுத்தால் 0.882. விட்டம் 282 மி.மீ. முதல் கணக்குக்கும் இதற்கும் எட்டு மில்லிமீட்டர் வித்தியாசம். காகிதத்தில் அது அற்பம். உலோகத்தில் அப்படியல்ல, ஒரு தடவை கடைந்ததை ஒட்ட முடியாது.

சரி, 282க்கே கடைந்துவிடலாமா? கூடாது. விதி கொஞ்சம் தாராளமானது. உண்மையில் பம்ப் விதி சொல்வதைவிட அதிகமாகவே இறங்கும். காரணம், இறக்கைகள் குட்டையாகும்போது அவை ஒன்றையொன்று மூடிக்கொண்டிருந்த நீளம் குறைகிறது, தண்ணீரைத் திருப்பிவிடும் பிடிமானம் தளர்கிறது. இறக்கையின் நுனிக் கோணமும் கொஞ்சம் மாறுகிறது. இம்பெல்லர் விளிம்புக்கும் கேசிங்கின் நாக்குக்கும் இடையே இடைவெளி கூடி, வெளியே போக வேண்டிய தண்ணீரில் ஒரு பகுதி உள்ளேயே சுற்றுகிறது. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பம்ப் வடிவமைப்பைப் பற்றி எழுதிய ஸ்டெபனாஃப் இதற்கு ஒரு திருத்த வரைபடம் தந்தார். அதன்படி, கணக்கு 80 சதவீத விட்டம் கேட்டால் 83 சதவீதத்தை ஒட்டி நிறுத்திக்கொள்வது போதும். நம் 88 சதவீதக் கணக்குக்கு ஏறத்தாழ 90 சதவீதம். ஆகவே முதல் வெட்டில் 290 மி.மீ.யில் நிறுத்துவதுதான் அறிவு. 290இல் விதிப்படி 208 கன மீட்டர் வர வேண்டும். நடைமுறையில் 200ஐ ஒட்டி வரும். மிஞ்சியிருந்தால் இன்னும் இரண்டு மில்லிமீட்டர் எடுப்பது ஒரு பகல் வேலை.

வெட்டு முடிந்து வால்வை முழுக்கத் திறந்து ஓட்டினால் 200 கன மீட்டர், 22 மீட்டர். தண்டில் திறன் 15.4 கிலோவாட். வால்வை நெரித்தபோது 21.0 இருந்தது. 5.6 கிலோவாட் குறைந்திருக்கிறது, அதாவது 27 சதவீதம். மும்மடி விதியின்படி 0.882 தந்திருக்க வேண்டிய 31 சதவீதம் அல்ல இது. விதி ஒப்பிடுவது 227 கன மீட்டரில் ஓடிய பம்ப்போடு. நாம் ஒப்பிட வேண்டியதோ வால்வு நெரித்து 200இல் ஓடிக்கொண்டிருந்த பம்ப்போடு. மிச்சத்தைக் கணக்குப் போட்டு மேலதிகாரியிடம் கொண்டுபோகிறவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிக்காவிட்டால், சொன்ன தொகை மின்கட்டண ரசீதில் வராது. மோட்டாரின் பயனுறுதிறன் 90 சதவீதம் என்றால் மீட்டரில் குறைவது 6.2 கிலோவாட். ஆண்டுக்கு 6000 மணி நேரம் ஓடினால் 37,000 யூனிட்டுக்குச் சற்று மேல். யூனிட் 7 ரூபாய் என்று வைத்தால் 2 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய், அதுவும் ஒரே ஒரு நடுத்தர பம்ப்பில்.

இந்தக் கணக்கில் ஒரு விஷயத்தை நான் சொல்லாமல் நகர்ந்துவிட்டேன். கடைந்தால் பம்ப்பின் பயனுறுதிறன் குறையும் என்று எல்லாப் புத்தகங்களும் எச்சரிக்கின்றன. உண்மைதான், நம் பம்ப்பின் உச்சப் பயனுறுதிறன் 80இலிருந்து 78 சதவீதத்துக்கு இறங்கியதாகவே வைத்திருக்கிறேன். ஆனால் அந்த 80 சதவீதம் கிடைத்தது 230 கன மீட்டரில். வால்வு நெரித்து 200இல் ஓடியபோது பம்ப் தன் உச்சத்திலிருந்து விலகி 78இல்தான் ஓடிக்கொண்டிருந்தது. கடைந்த பிறகு உச்சப் புள்ளியே 203க்கு நகர்ந்துவந்துவிட்டது. உச்சம் இரண்டு புள்ளி தாழ்ந்தாலும் பம்ப் இப்போது அந்த உச்சத்திலேயே நிற்கிறது. இழந்ததும் கிடைத்ததும் ஈடாகிவிடுகின்றன.

உச்சப் புள்ளியில் ஓடுவதால் வேறொரு பலனும் உண்டு, என் கணிப்பில் மின்சாரத்துக்கு அடுத்தபடி அதுதான் முக்கியம். உச்சப் புள்ளியிலிருந்து விலகி ஓடும் பம்ப்பில் கேசிங்கைச் சுற்றியுள்ள அழுத்தம் ஒரு பக்கம் கூடியும் ஒரு பக்கம் குறைந்தும் இருக்கும். அது தண்டை ஒரே பக்கமாகத் தள்ளும். தண்டு வளையும், பேரிங் சூடேறும், மெக்கானிக்கல் சீல் கசியும். சால்ட் யூனியனில் மின்சாரம் போக, பராமரிப்பில் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 3,000 பவுண்டு மிச்சமானது. இரைச்சலும் குறைந்தது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை சீல் மாற்றிக்கொண்டிருக்கும் ஃபிட்டருக்கு, அந்தச் சீலைக் கெடுப்பது ஐந்தடி தள்ளி நிற்கும் பாதி மூடிய வால்வு என்று தோன்றுவது அரிது.

இனி வேலை நடக்கும் விதம். இம்பெல்லரைத் தண்டிலிருந்து கழற்றி, அதன் துளைக்குச் சரியாகப் பொருந்தும் ஒரு மாண்ட்ரலில் ஏற்றி லேத்தில் பிடிக்கிறார்கள். சுற்றளவில் உலோகம் தொடர்ச்சியாக இல்லை. இரு ஓரத்திலும் தட்டு, நடுவில் இறக்கை நுனிகள் மட்டும். கத்தி இறக்கையின் மேல் விட்டுவிட்டு மோதும். வார்ப்பிரும்பு என்றால் நுனி உடைந்து தெறிக்கும் அபாயம் உண்டு, வெண்கலம் அதைவிட எளிது. அதனால் ஆழம் குறைத்து, பல சுற்றாக எடுக்க வேண்டும். முடிந்ததும் இறக்கை நுனிகள் முன்பைவிடத் தடித்து, மொட்டையாக நிற்கும், ஏனென்றால் இறக்கை உள்ளே போகப் போகக் கனம் கூடியது. அனுபவமுள்ளவர் அந்த நுனிகளின் பின்பக்கத்தை, அதாவது உட்குழிந்த பக்கத்தை, அரத்தால் சரித்துவிடுவார். வெளியேறும் வாய் கொஞ்சம் விரிந்து ஹெட்டில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். வெட்டு தப்பித்தவறி ஆழமாகிவிட்டால் கைவசம் இருக்கும் ஒரே மருந்து இதுதான், அதுவும் சில சதவீதத்துக்கு மட்டும்.

அடுத்தது பேலன்சிங். வார்ப்பில் சுவர்க் கனம் எல்லாப் பக்கமும் ஒன்றாக இருப்பதில்லை. முழு விட்டத்தில் சமன் செய்யப்பட்டிருந்த இம்பெல்லர், விளிம்பு போனதும் சமன் இழக்கும். பேலன்சிங் இயந்திரத்தில் சுழற்றிப் பார்த்து, கனமான பக்கத்தில் தட்டைச் சுரண்டிச் சரிசெய்யாமல் மாட்டினால், மின்சாரத்தில் மிச்சம் பிடித்ததைப் பேரிங்கில் கொடுத்துவிடுவோம். மல்டிஸ்டேஜ் பம்ப்புகளில் இம்பெல்லரைச் சுற்றி டிஃப்யூசர் இறக்கைகள் இருக்கும். அங்கே இரு பக்கத் தட்டுகளையும் விட்டுவிட்டு நடுவிலிருக்கும் இறக்கைகளை மட்டும் குட்டையாக்குவார்கள். தட்டுகள் தண்ணீரை டிஃப்யூசரின் வாய்வரை கொண்டுபோய்ச் சேர்க்கும்.

எவ்வளவு வரை கடையலாம்? அந்தக் கேசிங்குக்கான அதிகபட்ச விட்டத்தில் 75 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது என்பது பரவலாகச் சொல்லப்படும் எல்லை. அகன்று தடித்த, அதிக ஓட்டம் குறைந்த ஹெட் வகை இம்பெல்லர்களுக்கு எல்லை இன்னும் நெருக்கமானது. சில சதவீத வெட்டிலேயே அவற்றின் பயனுறுதிறன் சரியும். சரியான எல்லை பம்ப் உற்பத்தியாளரின் வளைகோட்டுத் தாளில் இருக்கிறது. ஒரே கேசிங்குக்கு நான்கைந்து விட்டங்களின் வளைகோடுகளை அதில் வரைந்திருப்பார்கள், கடைசிக் கோட்டுக்குக் கீழே போகக் கூடாது. கடைவது பம்ப்பைச் சிதைப்பது என்று தயங்குகிறவர்கள் இந்தத் தாளைப் பார்க்க வேண்டும். கோவையிலானாலும் வேறெங்கானாலும், ஒரு கேசிங்கை வார்த்து, வாடிக்கையாளர் கேட்கும் புள்ளிக்கு இம்பெல்லரைக் கடைந்து மாட்டி அனுப்புவது பம்ப் ஆலைகளின் அன்றாட வழக்கம்.

எல்லா இடத்திலும் இது ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. நம் உதாரணத்தில் தேவைப்பட்ட 22 மீட்டரில் உயரம் 8 மீட்டர்தான். மாறாக, உயரத் தொட்டிக்கு ஏற்றும் பம்ப் என்று வையுங்கள். உயரம் 20 மீட்டர், உராய்வு வெறும் 2. விதிக் கணக்கில் இரண்டுக்கும் 282 மி.மீ. சரியாகப் பொருந்துகிறது. இப்போது தப்பாகக் கணக்கிட்டு இன்னும் ஐந்து சதவீதம் கூடுதலாகக் கடைந்து 268 ஆக்கிவிட்டால்? குளிர்நீர்ச் சுற்றில் ஓட்டம் 200இலிருந்து 186க்கு இறங்கும், சமாளித்துக்கொள்ளலாம். தொட்டிக்கு ஏற்றும் பம்ப்பில் 162க்கு இறங்கிவிடும். உயரத்தை வெல்லவே ஹெட்டின் பெரும்பகுதி போய்விடுவதால், மிஞ்சிய சிறு பகுதியில் விழும் வெட்டு ஓட்டத்தைப் பலமாகப் பாதிக்கிறது. பின்னர் வேர் ரிங் தேய்ந்தால் இன்னும் குறையும். உயரம் ஓங்கியிருக்கும் இடத்தில் சிறு சிறு வெட்டாகத்தான் போக வேண்டும், சில மில்லிமீட்டர் கைவசம் வைத்துக்கொள்ளவும் வேண்டும்.

மோட்டாரின் வேகத்தைக் குறைக்கும் விஎஃப்டி இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். ஓட்டத்தின் தேவை மணிக்கு மணி, பருவத்துக்குப் பருவம் மாறும் இடத்தில் விஎஃப்டிதான் சரி, சந்தேகமில்லை. கடைந்த இம்பெல்லர் ஒரே புள்ளிக்கானது. ஆனால் ஆண்டு முழுக்க ஒரே 200 கன மீட்டர் ஓடும் பம்ப்புக்கு விஎஃப்டி வைத்தால், அது தன் வழியே போகும் மின்சாரத்தில் மூன்று நான்கு சதவீதத்தை எந்நேரமும் வெப்பமாக்கிக்கொண்டே இருக்கும். விலையும் பல மடங்கு. வால்வின் கைச்சக்கரம் ஆண்டு முழுக்க ஒரே இடத்தில் நிற்கிறது என்றால் லேத்துக்குப் போகலாம். அடிக்கடி திருகப்படுகிறது என்றால் விஎஃப்டியைப் பற்றி யோசிக்கலாம். ஆபரேட்டரிடம் கேட்டாலே தெரிந்துவிடும்.

கடைசியாக, நன்றாக முடிந்த வேலையும் சத்தமில்லாமல் வீணாகும் ஒரு வழி உண்டு. பழைய இம்பெல்லரைக் கடையாமல், புதிதாக ஒன்று வாங்கிக் கடைந்து மாட்டிவிட்டு, முழு அளவு உள்ளதை ஸ்டோரில் வைப்பது நல்ல வழக்கம். உற்பத்தி கூடினால் அதை எடுத்து மாட்டலாம், வெட்டு தவறினாலும் பம்ப் நிற்காது. ஆனால் நான்கைந்து ஆண்டு கழித்து, கடைந்த இம்பெல்லர் தேய்ந்துபோன ஒரு இரவு ஷிஃப்டில், ஸ்டோரிலிருந்து உதிரிப்பாகமாக வருவது அந்த முழு அளவு இம்பெல்லர்தான். மாட்டி ஓட்டுகிறார்கள். ஓட்டம் அதிகமாக வருகிறது. வால்வைப் பாதி மூடுகிறார்கள், எல்லாம் சரியாகிவிடுகிறது. மின்கட்டணம் பழைய இடத்துக்கு ஏறுவதை இந்த ஒரு பம்ப்போடு யாரும் முடிச்சுப் போடுவதில்லை. அதனால் கடைந்த அன்றே பம்ப்பின் பெயர்ப்பலகையில் புதிய விட்டத்தை எண் அச்சால் அடித்துப் பதிக்க வேண்டும். ஸ்டோர் அட்டையில் முழு அளவு இம்பெல்லருக்குப் பக்கத்தில், கடைந்து 290 மி.மீ. ஆக்கிய பிறகே மாட்ட வேண்டும் என்று எழுதிவைக்க வேண்டும். முழுக்கத் திறந்த வால்வின் கைச்சக்கரத்தில் ஒரு சங்கிலியைப் போட்டுப் பூட்டிவிடுவதும் நல்லது.